வியாழன் எவ்வளவு பெரியது? மொட்டை மாடியில் நின்றே அளந்துவிடலாம்

தொலைநோக்கியில் வியாழனைக் காட்டினால் பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "நிஜத்தில் இது எவ்வளவு பெரிசு?" என்பதுதான். நாமும் எங்கேயோ படித்த எண்ணை ஒப்பித்துவிடுவோம். அந்த எண்ணை நீங்களே எடுக்கலாம். ஒரு 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி, ஒரு போன், போனை ஐபீஸில் மாட்ட ஒரு கிளாம்ப், அப்புறம் வீட்டில் ஒரு கணினி, இது போதும். கவனமாகச் செய்தால் ஒன்று இரண்டு சதவீதப் பிழைக்குள் வந்துவிடும். நான் 2026 ஜனவரி 10 இரவு, அதாவது வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்து நமக்குப் பக்கத்தில் இருந்த அன்று, எங்கள் மொட்டை மாடியிலிருந்து எடுத்த அளவுகளை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

கணக்கு ஒரே வரி.

```
D = d × θ / 206265
```

D என்பது நமக்கு வேண்டிய விட்டம், d கோளின் தூரம், θ வானத்தில் அது எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பது. அந்த அகலத்தை வில்விநாடியில் சொல்வார்கள், ஒரு பாகையை 3600 கூறாகப் பிரித்தால் ஒரு கூறு ஒரு வில்விநாடி. 206265 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்கிறார்கள். உங்களைச் சுற்றி, கோள் இருக்கும் தூரத்தில், ஒரு பெரிய வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வட்டம் முழுக்க 12,96,000 வில்விநாடி, அதன் சுற்றளவோ தூரத்தைப் போல 2π மடங்கு. முதல் எண்ணை 2π-யால் வகுத்தால் 2,06,265 வருகிறது, வேறு மர்மம் ஒன்றும் இல்லை. கோணம் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது வட்டத்தின் வளைவைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். எவ்வளவு சிறியது என்றால், வியாழன் பெரிதாகத் தெரியும் நாட்களில்கூட, 2 சென்டிமீட்டர் அகல நாணயத்தை 90 மீட்டர் தள்ளி வைத்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான்.

தூரம்: சுலபம், ஆனால் சரியான வரியைப் படியுங்கள்

Stellarium என்ற வானியல் மென்பொருளைத் திறந்து, நீங்கள் பார்த்த தேதியையும் நேரத்தையும் கொடுத்து, வியாழனைச் சொடுக்கினால் இடது பக்கம் ஒரு பட்டியல் வரும். அதில் `Distance` என்ற வரிதான் நமக்கு வேண்டும். அன்று அது 4.23 வானியல் அலகு. ஓர் அலகு 14.96 கோடி கிலோமீட்டர், ஆகவே 63.3 கோடி கிலோமீட்டர். அதே பட்டியலில் `Distance from Sun` என்று இன்னொன்றும் இருக்கும், அது சூரியனிலிருந்து உள்ள தூரம், அதை எடுத்துவிடாதீர்கள். பள்ளிப் புத்தகத்தில் "வியாழனின் தூரம் 77.8 கோடி கி.மீ." என்று போட்டிருப்பதும் சூரியனிலிருந்து எடுத்த சராசரிதான். அதைப் போட்டால் என் அளவுக்கு 1,78,000 கிலோமீட்டர் என்று விடை வந்திருக்கும், கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல். நமக்கும் வியாழனுக்கும் உள்ள தூரம் வருடத்துக்குள்ளேயே 4.2 அலகிலிருந்து 6.2 வரை மாறிக்கொண்டிருக்கும், அதனால் அந்த ராத்திரியின் தூரம்தான் வேண்டும்.

அதே பட்டியலில் `Apparent diameter` என்று கோண அகலமும் இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால் பிறகு பிக்சல் எண்ணும்போது கை தானாக அந்த எண்ணை நோக்கியே போகும், இது எனக்கு நடந்திருக்கிறது. அதைவிட முக்கியம், அந்த வரியே வியாழனின் நிஜ விட்டத்தைத் தெரிந்துகொண்டு மென்பொருள் போட்ட கணக்கு. அதை எடுத்து விட்டம் கண்டுபிடிப்பது, விடைத்தாளைப் பார்த்துக் கணக்குப் போடுவது. தூரம் அப்படி இல்லை, கோளின் அகலம் தெரியாமலேயே தூரத்தைக் கண்டுபிடிக்கலாம். 1672-இல் பாரிஸிலிருந்து காசினியும், தென் அமெரிக்காவின் கயேனிலிருந்து ரிஷேவும் செவ்வாயை ஒரே காலத்தில் பார்த்து, இரண்டு இடத்திலிருந்தும் அது எவ்வளவு இடம் மாறித் தெரிகிறது என்று அளந்து, அதிலிருந்து சூரிய மண்டலத்தின் தூரங்களை எடுத்தார்கள். அதுவரை எந்தக் கோள் எதைவிட எத்தனை மடங்கு தள்ளி இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும், ஆனால் மைல் கணக்கில் நம்பும்படியான எண் கிடையாது. தூரம் தெரியாதவரை விட்டமும் தெரியாது.

பிக்சலுக்கு எத்தனை வில்விநாடி?

இனி θ. போனில் வீடியோ எடுத்தால் வியாழன் இத்தனை பிக்சல் அகலம் என்று எண்ணிவிடலாம். ஆனால் ஒரு பிக்சல் என்பது வானத்தில் எத்தனை வில்விநாடி? புதிதாக வருபவர்கள் இங்கே தொலைநோக்கியின் குவியத்தூரம், ஐபீஸில் அச்சடித்த மில்லிமீட்டர், போன் கேமராவின் கோணம் எல்லாவற்றையும் பெருக்கி வகுக்க ஆரம்பிப்பார்கள். வேண்டாம். 10 மி.மீ. என்று எழுதியிருக்கும் ஐபீஸ் 9.7 ஆக இருக்கலாம், போனில் "2x" என்பது சரியாக இரண்டு மடங்காக இல்லாமல் இருக்கலாம், போன் ஐபீஸிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது வேறு. இதில் ஒன்றையும் நம்ப வேண்டியதில்லை, ஏனென்றால் தலைக்கு மேலேயே ஓர் அளவுகோல் ஓடிக்கொண்டிருக்கிறது.

பூமி 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அதனால் வான நடுக்கோட்டில் இருக்கும் ஒரு பொருள் ஒரு நொடிக்கு 15.04 வில்விநாடி மேற்கே நகர்வதாகத் தெரியும். நடுக்கோட்டை விட்டு வடக்கே தெற்கே போகப் போக அது சுற்றும் வட்டம் சிறியதாகிறது, வேகமும் குறைகிறது. துருவ நட்சத்திரம் நகர்வதே தெரியாதது அதனால்தான். எவ்வளவு குறைகிறது என்பதை டெக்ளினேஷன், அதாவது நடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை விலகி இருக்கிறது என்ற எண், சொல்லிவிடும். Stellarium-இல் `RA/Dec (on date)` வரியில் இரண்டாவதாக வருவது அதுதான்.

```
வேகம் = 15.04 × cos(டெக்ளினேஷன்)
```

அன்று வியாழன் மிதுனத்தில், டெக்ளினேஷன் கிட்டத்தட்ட வடக்கு 22 பாகை. cos 22 என்பது 0.927, வேகம் நொடிக்கு 13.95 வில்விநாடி. பாகையின் பின்னத்தை விட்டுவிட்டேனே என்று கவலைப்பட வேண்டாம், கால் பாகை தவறினாலும் விடை ஆயிரத்தில் இரண்டு பங்குகூட மாறாது. ஆனால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியனில் cos 22 போட்டால் −0.99996 வரும். கழித்தல் குறியைப் பார்த்து "சரி, ஏதோ திசை" என்று விட்டுவிட்டால் விடை சத்தமில்லாமல் 8 சதவீதம் கூடிவிடும், நம்பும்படியாகவே இருக்கும்.

ஆக, செய்ய வேண்டியது இது. வியாழனைச் சட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வைத்துவிட்டு (எந்த ஓரம் என்று தெரியாவிட்டால் விட்டுப் பாருங்கள், தானாக ஓடும் திசை மேற்கு), தொலைநோக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டு, அது தானாகச் சட்டத்தைக் கடக்கும்வரை வீடியோ எடுங்கள். மோட்டார் உள்ள தாங்கி என்றால் அதை நிறுத்திவிடுங்கள். முதல் தடவை என்னோடு மாடிக்கு வந்திருந்த அக்கா பையன் திரையைப் பார்த்துவிட்டு, "மாமா, ஓடிப் போகுது, பிடிங்க!" என்று தொலைநோக்கியைத் தள்ளிவிட்டான். அந்த வீடியோ வீண். ஓடட்டும், ஓட விடுவதற்குத்தான் இவ்வளவும்.

நம் ஊர் அட்சரேகையில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. 22 பாகை டெக்ளினேஷனில் இருக்கும் கோள் நள்ளிரவில் கிட்டத்தட்ட உச்சிக்கே வந்துவிடும். அங்கே காற்றுப் படலம் மெல்லியது, படம் ஆடாது. ஆனால் டாப்சோனியனை உச்சியில் திருப்புவது பெரிய இம்சை. உச்சிக்கு வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே எடுத்துவிட்டால் இரண்டும் சமாளிக்கலாம்.

போனில் அணைக்க வேண்டியவை

வீடியோ ஸ்டெபிலைசேஷனைக் கட்டாயம் அணையுங்கள். அது இருந்தால் போன் ஓடும் வியாழனைப் பார்த்து "கை ஆடுகிறது" என்று நினைத்துச் சட்டத்தையே அதன் பின்னால் நகர்த்தும், நகர்வு குறைவாகப் பதிவாகும், விட்டம் கூடிவிடும். ஃபோகஸைப் பூட்டுங்கள். எக்ஸ்போஷரையும் பூட்டிவிட்டு நன்றாகக் குறையுங்கள், எவ்வளவு என்று பின்னால் சொல்கிறேன். ஜூம் வைத்தால் வைத்ததுதான், வீடியோவின் நடுவில் தொடக் கூடாது. நகர்வை அளப்பதும் வியாழனின் வட்டை அளப்பதும் ஒரே வீடியோவிலிருந்துதான் இருக்க வேண்டும், கிளாம்பைக் கழற்றி மாட்டினால்கூட அளவுகோல் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் ffmpeg என்ற வீடியோ மென்பொருளை வைத்து, வீடியோவின் இரண்டு சட்டங்களைப் படமாக எடுங்கள். எனக்கு 5-ஆவது நொடியும் 45-ஆவது நொடியும் வசதியாக இருந்தன.

```
ffmpeg -ss 5 -i guru.mp4 -frames:v 1 a.png
ffmpeg -ss 45 -i guru.mp4 -frames:v 1 b.png
```

சட்டங்களை எண்ணி 30-ஆல் வகுத்து நேரம் கண்டுபிடிக்காதீர்கள். இருட்டில் பல போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் நொடிக்கு 30 சட்டத்திலிருந்து 24-க்கோ இன்னும் கீழேயோ இறங்கிவிடும். மேலே உள்ள கட்டளை வீடியோவில் பதிந்துள்ள நேரத்தையே பார்ப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு படங்களையும் GIMP என்ற படத் திருத்தியில் திறந்து வட்டின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் எனக்கு (312, 498), இரண்டாவதில் (1420, 571). கிடையாக 1108 பிக்சல், நெடுக்கில் 73. போனை நேராக மாட்ட முடியாததால் கொஞ்சம் சாய்வாக ஓடியிருக்கிறது, பரவாயில்லை, பிதகோரஸ் பார்த்துக்கொள்வார்: 1110 பிக்சல். 40 நொடியில் வானத்தில் அது நகர்ந்தது 13.95 × 40, அதாவது 558 வில்விநாடி. 558-ஐ 1110-ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 0.503 வில்விநாடி.

இந்த எண்ணை நம்பலாமா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. பத்து பத்து நொடியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எத்தனை பிக்சல் நகர்ந்தது என்று பாருங்கள். எனக்கு 278, 277, 279, 276 வந்தது. இப்படிச் சமமாக இருந்தால் சரி. ஓரங்களில் மட்டும் எண் மாறினால் ஐபீஸ் படத்தை இழுக்கிறது என்று அர்த்தம், நடுப்பகுதியை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள், வட்டையும் அது நடுவில் இருக்கும் சட்டத்தில் அளந்துகொள்ளுங்கள். எங்கோ ஒரு பத்து நொடி மட்டும் தனியாக நின்றால், யாரோ மாடியில் நடந்திருக்கிறார்கள்.

வட்டை அளப்பது: பிழை எல்லாம் இங்கேதான்

இதுவரை செய்ததில் பிழை மிகக் குறைவு. 1110 பிக்சலில் இரண்டு பிக்சல் தவறினால் 0.2 சதவீதம். தூரத்தில் பிழை என்று சொல்லவே முடியாது. ஆனால் வட்டு வெறும் தொண்ணூற்றுச் சொச்சம் பிக்சல், அதில் ஒரு பிக்சல் தவறினாலே ஒரு சதவீதம் போய்விடும். அதனால் நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

என் முதல் வீடியோவில் எக்ஸ்போஷரைப் போனின் இஷ்டத்துக்கே விட்டிருந்தேன். வியாழன் வெள்ளை வெளேரென்று பல்பு மாதிரி இருந்தது, பட்டைகள் ஒன்றும் தெரியவில்லை. அதில் வட்டு 108 பிக்சல், விட்டம் 1,66,600 கிலோமீட்டர். பிறகுதான் காரணம் புரிந்தது. காற்றும் கண்ணாடியும் சேர்ந்து கோளின் ஒளியைக் கொஞ்சம் ஓரத்துக்கு வெளியே சிதறடிக்கின்றன. சரியான எக்ஸ்போஷரில் அந்தச் சிதறல் மங்கலாக, விளிம்புக்கு வெளியே தேய்ந்துகொண்டே போகும். எக்ஸ்போஷர் கூடினால் அந்த மங்கலும் வெள்ளையாகி வட்டோடு ஒட்டிக்கொள்ளும். வியாழன் ஊதிப்போய்விடும்.

அடுத்தடுத்து எக்ஸ்போஷரை ஒவ்வொரு படியாகக் குறைத்து எடுத்தபோது 108 என்பது 99 ஆகி, 95 ஆகி, 94 ஆகி, அடுத்த படியிலும் 94-ஆகவே நின்றது. இந்த நிற்கும் இடம்தான் நமக்கு வேண்டியது. அதற்கு மேலும் குறைத்தால் திரும்பவும் சுருங்க ஆரம்பிக்கும், ஏனென்றால் வியாழனின் விளிம்பு நடுப்பகுதியைவிட மங்கலானது, அது இருட்டில் கரைந்துவிடும். கண்ணால் பார்க்க ஓர் அடையாளம்: இரண்டு பழுப்புப் பட்டைகளும் தெளிவாகத் தெரிய வேண்டும், பக்கத்தில் உள்ள நிலாக்கள் கிட்டத்தட்ட மறைந்திருக்க வேண்டும். நான்கு நிலாவும் பளிச்சென்று தெரிகிற படம் பார்க்க அழகு, அளக்க ஆகாது. வீடியோக்களுக்கு நடுவில் ஜூமையும் கிளாம்பையும் தொடாமல் இருந்தேன், இருந்தாலும் 94 வந்த வீடியோவின் நகர்விலிருந்துதான் மேலே உள்ள 0.503 எடுக்கப்பட்டது.

விளிம்பு எங்கே என்பதையும் கண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். படத்தை நன்றாகப் பெரிதாக்கினால் விளிம்பு ஒரு கோடாக இருக்காது, நான்கைந்து பிக்சலுக்கு வெளிச்சம் படிப்படியாக இறங்கும். விளிம்புக்குச் சற்று உள்ளே உள்ள வெளிச்சம் 120, பின்னணி வானம் 10 என்றால், நடுவில் 65 வரும் பிக்சலை விளிம்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். GIMP-இல் நிறம் எடுக்கும் கருவியை ஒவ்வொரு பிக்சலிலும் வைத்தால் எண் தெரியும். இரண்டு பக்கமும் இதே விதியைப் பின்பற்றுங்கள். ஐந்தாறு சட்டங்களில் எடுத்துச் சராசரி போட்டால், காற்று ஒரு கணம் இழுத்த இழுப்பும் அடிபட்டுவிடும்.

எந்தத் திசையில் அளப்பது என்பதும் முக்கியம், ஏனென்றால் வியாழன் உருண்டை இல்லை. பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றுவதால் நடு வயிறு பிதுங்கியிருக்கிறது. பட்டைகள் ஓடும் திசையில் அளந்தால் நடுக்கோட்டு விட்டம், அதற்குச் செங்குத்தாக அளந்தால் துருவ விட்டம். எனக்குப் பட்டைகளின் திசையில் 94, குறுக்கே 88.

இனி பெருக்கல்தான். 94 பிக்சலை 0.503-ஆல் பெருக்கினால் 47.3 வில்விநாடி.

```
D = 633000000 × 47.3 / 206265
```

1,45,200 கிலோமீட்டர். புத்தகத்தில் உள்ள எண் 1,42,984, நான் ஒன்றரை சதவீதம் கூட எடுத்திருக்கிறேன். துருவத்துக்கு 44.3 வில்விநாடி, 1,36,000 கிலோமீட்டர், புத்தகத்தில் 1,33,708. இரண்டுமே கூடுதலாக வந்ததற்குக் காரணம் ஒன்றரைப் பிக்சல்தான், முக்கால் வில்விநாடி. மாடியிலிருந்து, சுற்றிலும் கான்கிரீட் சூட்டோடு பார்க்கும்போது காற்று அவ்வளவு மங்கலாக்குவது சாதாரணம். எனக்கு அதிகம் பிடித்தது அந்த 88-க்கும் 94-க்கும் உள்ள விகிதம், 0.936. இதற்குத் தூரமும் வேண்டாம், நொடியும் வேண்டாம், cos-உம் வேண்டாம், வெறும் பிக்சல் போதும். நிஜ விகிதம் 0.935.

உங்கள் விடை ஐந்து பத்து சதவீதம் விலகினால் தவறு எங்கே என்று பிரித்துப் பார்க்கலாம். எக்ஸ்போஷரை மாற்றினால் வட்டின் பிக்சல் மாறுகிறதா? மாறினால் கோளாறு விளிம்பில். மாறாமல் அதே தவறான எண்ணே வந்தால் கோளாறு அளவுகோலில், அதாவது ஸ்டெபிலைசேஷன், ரேடியன், நேரம் இவற்றில் ஒன்று.

போன் இல்லாமல் செய்ய முடியாதா என்றால், முடியும். குறுக்குக் கம்பி உள்ள ஐபீஸில் வியாழனின் முன்விளிம்பு கம்பியைத் தொடுவதிலிருந்து பின்விளிம்பு விலகும்வரை ஸ்டாப்வாட்சில் பிடியுங்கள். அது மொத்தமே மூன்று நொடிச் சொச்சம், நம் விரல் 0.2 நொடி தாமதித்தாலே 6 சதவீதம் போய்விடும். இருபது தடவை எடுத்துச் சராசரி போடும் பொறுமை உள்ளவர்களுக்கு அது.

மற்ற கோள்கள்

சனியில் வளையத்தை அளந்துவிடாதீர்கள், வளையத்தின் அகலம் உருண்டையைப் போல இரண்டேகால் மடங்கு. வெள்ளி பிறையாக இருக்கும்போது ஒரு கொம்பு முனையிலிருந்து மறு முனைவரை அளந்தால் முழு விட்டம் கிடைக்கும், குறுக்கே அளந்தால் கிடைக்காது. செவ்வாய் 2027 பிப்ரவரியில் எதிரே வரும்போது 14 வில்விநாடிக்கும் குறைவுதான். இதே அளவுகோலில் 27 பிக்சல், ஒரு பிக்சல் தவறு நான்கு சதவீதம். அதற்கு ஒரு பார்லோ வில்லை போட்டுப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, நகர்வையும் பார்லோவோடு சேர்த்தே திரும்ப அளக்க வேண்டும். யுரேனஸ் நான்கு வில்விநாடிகூட இல்லை. காற்று மங்கலாக்குவதே அதில் பாதி இருக்கும் என்பதால் மாடியிலிருந்து நான் அதை முயன்றதில்லை.